பச்சை வந்தா வரலாம்

மூணு வயசுப் பொண்ணு, விடியுறதுக்கு முன்னாடி அஞ்சே காலுக்கே கட்டிலை விட்டு இறங்கி வந்துட்டு இருந்தா.

நிறம் மாறுற கடிகாரம் வாங்கினோம்.
சிவப்புன்னா படுத்திருக்கணும். பச்சைன்னா வரலாம்.

எடுத்ததுமே ஆறரைக்கு வைக்கல. அஞ்சு இருபதுக்கு வெச்சோம். காத்திருந்தா பச்சை நிச்சயம் வரும்னு அவளுக்கு முதல்ல நம்பிக்கை வரணும் இல்லையா?

பச்சை வந்த உடனே ஸ்டிக்கர். அவளே சார்ட்டுல ஒட்டுவா. சாயங்காலம் குடுத்தா எதுக்குன்னே மறந்துடும்.

அது பழகினப்புறம், சில நாளைக்கு ஒருதடவை அஞ்சு நிமிஷம் தள்ளுறோம்.
முன்னாடியே வந்துட்டா திட்டு கிடையாது, ஒட்டின ஸ்டிக்கரைப் பிடுங்குறதும் கிடையாது. பேச்சைக் குறைச்சு, திரும்பப் படுக்க வைக்கிறோம்.

இப்போ பச்சை வர்றது ஆறு மணிக்கு. தூக்கம் ஒண்ணும் கூடல. சிவப்புல முழிச்சு பொம்மையோட பேசிட்டு இருக்கா. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

ரெண்டு வயசுல யாராவது ஆரம்பிச்சீங்களா? புரிஞ்சுதா பிள்ளைக்கு?