உங்க டோக்கனுக்கு இன்னும் 5 பேர்

கிளினிக்ல, பேங்க்ல இப்போ டோக்கன் போட்டா போனுக்கு ஒரு மெசேஜ் வருதில்லையா? "உங்களுக்கு முன்னால் இன்னும் 5 பேர்" அப்படின்னு. அந்த ஒரு வரி மெசேஜ் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆனா வீட்ல சர்க்கரை நோயாளி, அதுவும் இன்சுலின் போடுறவங்க இருந்தா கடைசி வரை படிச்சிருங்க.

என் கிளினிக் காலை 7 மணிக்குத் திறக்கும். முன்னாடியெல்லாம் 6 மணிக்கே வாசல்ல செருப்பை வரிசையா வச்சு இடம் பிடிப்பாங்க. அது பாவமா இருக்குன்னுதான் டோக்கன் சாப்ட்வேர் வாங்கினோம். முந்தைய நாள் ராத்திரியே போன்ல நம்பர் போட்டுக்கலாம். நம்பர் நெருங்கும்போது மெசேஜ் போகும். வீட்ல இருந்து கிளம்பி வந்தா போதும். முதல் ரெண்டு மாசம் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை.

ஒரு அம்மா, வயசு 62. பத்து வருஷமா சர்க்கரை. காலையும் ராத்திரியும் மிக்ஸ்டு இன்சுலின். அதாவது, வேகமா வேலை செய்யற மருந்தும் மெதுவா வேலை செய்யற மருந்தும் கலந்த ஊசி. ஊசி போட்டு அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும். அன்னைக்கு அவங்க டோக்கன் 14.

ஒரு ஆளுக்கு சராசரியா 7 நிமிஷம் ஆகும்னு எங்க ரிசப்ஷன் பொண்ணு எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தா. 13 பேருக்கு 91 நிமிஷம். அப்படின்னா எட்டரைக்குத்தான் நம்ம முறை வரும்னு அந்த அம்மா கணக்குப் போட்டிருக்காங்க. 7.20க்கு ஊசி, 7.50க்கு இட்லி, எட்டு மணிக்குக் கிளம்பினா போதும். சரியான கணக்கு. தப்பே சொல்ல முடியாது.

இப்போ கிளினிக்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

7.21க்குள்ள மூணு பேரைப் பார்த்து முடிச்சேன். ரிசப்ஷன்ல 4ம் நம்பரைக் கூப்பிட்டாங்க, ஆள் இல்லை. 5 இல்லை. 6, 7, 8 யாரும் இல்லை. ராத்திரி போன்ல சும்மா நம்பர் போட்டு வச்சவங்க எல்லாரும் காலைல எழுந்து வரணும்னு இல்லையே! 9ம் நம்பர் வந்திருந்தார், உள்ளே அனுப்பிட்டாங்க. ரெண்டே நிமிஷத்துல போர்டு 3ல இருந்து 9க்குத் தாவிருச்சு.

எங்க சாப்ட்வேர்ல "5 நம்பர் முன்னாடி மெசேஜ்"னு செட் பண்ணி இருந்தோம். 14ல 5 போனா 9. அதனால 7.23க்கு அந்த அம்மாவுக்கு மெசேஜ் போயிருச்சு.

ஊசி போட்டு மூணு நிமிஷம்தான் ஆச்சு. இட்லி இன்னும் அடுப்புல. போன் டிங்குன்னு அடிக்குது, இன்னும் 5 பேர்தான்னு சொல்லுது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? அவங்களும் அதைத்தான் பண்ணாங்க. அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்துட்டாங்க.

பஸ் பிடிச்சு வந்து சேர 8.05. அதுக்குள்ள 10ம் நம்பர் மூணு நிமிஷத்துல முடிஞ்சுது, வெறும் மாத்திரைச் சீட்டு வாங்க வந்தவர். 11 வரலை. 12 எட்டு நிமிஷம். 13 வரலை. 7.41க்கே 14ஐக் கூப்பிட்டு, ஆள் இல்லைன்னு தாண்டிட்டாங்க. இவங்க வந்தப்போ உள்ளே 18ம் நம்பர்.

நம்பர் தவறினா கடைசியிலதான் பார்ப்போம். அது நான் போட்ட ரூல். அன்னைக்கு மொத்தம் 32 டோக்கன். "உக்காருங்கம்மா, கடைசில கூப்பிடறோம்"னு சொல்லிட்டாங்க. அந்த அம்மா வாயே திறக்கலை, மூலையில போய் உக்காந்துட்டாங்க. வெளிய போய் ஒரு டீ குடிக்கலாம்னா, அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுட்டா? ஒரு தடவை தவறவிட்டவங்களுக்கு அந்த பயம் இருக்கும்.

9.10க்கு சிஸ்டர் ஓடி வந்தாங்க. "சார், மூலையில ஒரு அம்மா வேர்த்து ஊத்திட்டு இருக்காங்க. பேரைக் கேட்டா என்னமோ உளர்றாங்க."

குளுக்கோமீட்டர்ல பார்த்தா சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழ போனாலே தாழ்நிலை. ஊசி போட்டு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம், வயித்துல ஒண்ணும் இல்லை. இந்த மருந்து உச்சத்துக்குப் போற நேரமே அதுதான்.

நல்லவேளை, விழுங்கற நிலைமையில இருந்தாங்க. குளுக்கோஸ் பவுடர் 3 டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம், தண்ணில கலக்கிக் கொடுத்தோம். 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பார்த்தா 82. பக்கத்துக் கடையில இட்லி வாங்கிச் சாப்பிட வச்சோம். இன்னும் ஒரு அரை மணி நேரம் யாரும் கவனிக்காம விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கலாம், மயக்கமா விழுந்து தலையில அடிபட்டிருக்கலாம். என் கிளினிக்ல, என் கண்ணுக்கு எட்டற தூரத்துல.

தெளிஞ்சதும் அவங்க சொன்னது இதுதான்: "மெசேஜ் வந்துச்சே தம்பி, நீங்க கூப்பிட்டீங்கன்னு நினைச்சு ஓடியாந்தேன்."

அது எனக்கு ரொம்ப உறுத்துச்சு. நான் கூப்பிடவே இல்லை. ஒரு நம்பர் இன்னொரு நம்பரைத் தொட்டதும் மெஷின் தானா அனுப்பினது. ஆனா அவங்களுக்கு அது டாக்டர் கூப்பிட்ட மாதிரி.

அன்னைக்கு மதியம் உக்காந்து யோசிச்சோம். மெசேஜ் பொய் சொல்லலை, 14க்கும் 9க்கும் நடுவுல 5தான். ஆனா நம்பரை எண்ணுச்சு, ஆளை எண்ணலை. முன்னாடி இருக்கற அஞ்சு பேரும் நிஜமாவே வந்திருந்தா 35 நிமிஷம். அதுல ரெண்டு பேர் வரலைன்னா 21 நிமிஷத்துல முடிஞ்சிரும். அந்த அஞ்சுல ஒருத்தர் புது நோயாளின்னா அவருக்கே கால் மணி நேரம். ஒரே வரி மெசேஜ்தான், அதுக்குள்ள எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

மூணு விஷயம் மாத்தினோம்.

ஒண்ணு, வந்து கவுண்டர்ல பேர் சொன்னவங்களையும் மெசேஜுக்கு "வர்றேன்"னு பதில் போட்டவங்களையும் மட்டும்தான் முன்னாடி இருக்கறவங்களா எண்ணணும். வராத நம்பர் கணக்குல வராது. அதனால போர்டு திடீர்னு தாவறது குறைஞ்சுது. லேட்டா ஒருத்தர் வந்து நடுவுல நுழைஞ்சா உங்க முறை கொஞ்சம் தள்ளிப் போகும். பரவாயில்லை. காத்திருக்கறது தொல்லைதான், ஆனா தவறவிடறதுதான் ஆபத்து.

ரெண்டு, நம்பர் தவறினவங்க கடைசிக்குப் போக வேண்டாம். வந்து சொன்னதும் ரெண்டு பேர் தள்ளி உள்ளே அனுப்பிரணும். தண்டனை மாதிரி உக்கார வைக்கறது எந்த விதத்துல நியாயம்? நான் போட்ட ரூலை நானே எடுத்தேன்.

மூணு, டோக்கன் சீட்டு கொடுக்கும்போதே ரிசப்ஷன்ல ஒரு கேள்வி: "காலைல இன்சுலின் போட்டீங்களா? சாப்பிட்டீங்களா?" போட்டுட்டு சாப்பிடலைன்னா நம்பரே கிடையாது. முதல்ல சாப்பாடு, அப்புறம் நேரா உள்ளே.

இதுல ஒரு கூத்தும் நடந்துச்சு. மெசேஜ்லயே "சாப்பிட்டுவிட்டு வரவும்"னு ஒரு வரி சேர்த்தா என்னன்னு நானே போய் வாசகத்தை மாத்தினேன். அடுத்த ரெண்டு நாள் ஒருத்தருக்குக்கூட மெசேஜ் போகலை. ஸ்கிரீன்ல எல்லாத்துக்கும் நேரா பச்சை டிக், Submitted.

சாப்ட்வேர்காரர் வந்துதான் விளக்கினார். இந்தியாவுல நிறுவனங்கள் அனுப்பற எஸ்எம்எஸ்ஸுக்கு 2018ல டிராய் விதிமுறை கொண்டுவந்துச்சு. வாசகத்தை முன்கூட்டியே பதிவு பண்ணணும். நம்பர், பேர் மாதிரி மாறுற இடத்தை மட்டும் காலியா விட்டுப் பதியலாம். பதிஞ்சதுல இருந்து ஒரு வரி கூடினாலும் போன் கம்பெனி அந்த மெசேஜைத் தடுத்துரும். Submitted-னா நாம அனுப்பிட்டோம்னுதான் அர்த்தம். Delivered-னு வந்தாத்தான் அவங்க போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுகூட "போனுக்கு", ஆளுக்கு இல்லை.

ஏன்னா அடுத்த வாரமே இன்னொன்னு தெரிஞ்சுது. எங்க வயசான நோயாளிகள்ல நிறைய பேர் கொடுத்திருந்தது மகன் நம்பர். மகன் பெங்களூர்ல மீட்டிங்ல இருப்பார். அம்மா இங்க திண்ணையில உக்காந்து "இன்னும் மெசேஜ் வரலையே"ன்னு காத்துட்டு இருப்பாங்க. இதுக்கு எந்த சாப்ட்வேரும் இல்லை. ரிசப்ஷன் பொண்ணு அந்தப் பேர்களுக்கு நேரா ஒரு புள்ளி வச்சிருக்கா. அவங்களுக்கு மட்டும் வீட்டு நம்பருக்குப் போன் போட்டுச் சொல்லிருவா.

பேங்க்ல டோக்கன் தவறினா என்ன ஆகும்? இன்னொரு டோக்கன் எடுக்கணும், அரை மணி நேரம் வீண். பணம் போட, பாஸ்புக் பதிய, லோன் கேட்கன்னு அங்க வேலைக்கு ஏத்த மாதிரி தனித்தனி வரிசை இருக்கும். பணத்துக்கு அவசரம்னா வாயால சொல்வோம். கிளினிக்ல உக்காந்திருக்கற உடம்புக்கு அவசரம்னா, சில சமயம் அது வாயால சொல்ற நிலைமையிலேயே இருக்காது. மெஷினுக்கு 14ம் நம்பரும் 15ம் நம்பரும் ஒண்ணுதான்.

அதனால உங்ககிட்ட கேட்டுக்கறது இதுதான்.

சாப்பாடு தட்டுக்கு வந்துரும்னு உறுதியா தெரிஞ்ச பிறகு ஊசியைக் கையில எடுங்க. டோக்கன் நேரத்தை வச்சு ஊசி நேரத்தை முடிவு பண்ணாதீங்க. வெறும் வயித்து ரத்தப் பரிசோதனைன்னா அன்னைக்குக் காலை ஊசியை எப்போ போடணும்னு முந்தின நாளே உங்க டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.

ஊசி போட்ட பிறகு மெசேஜ் வந்தா, மெசேஜ் காத்திருக்கட்டும். முதல்ல சாப்பிடுங்க. முறை போனா போகட்டும்.

பையில நாலு மிட்டாயோ ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டோ வச்சிருங்க. காத்திருக்கும்போது வேர்த்தா, கை நடுங்கினா, படபடன்னு வந்தா வாயில போட்டுட்டு கவுண்டர்ல போய்ச் சொல்லுங்க.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுக்கறது, இதுக்கெல்லாம் டோக்கனே கிடையாது. நேரா உள்ளே வந்துருங்க. முன்னாடி இருக்கறவங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சாலும் நாங்க பார்த்துக்கறோம்.

அந்த அம்மா போன வாரமும் வந்தாங்க. டோக்கன் 11. "மெசேஜ் வந்துச்சும்மா?"ன்னு கேட்டேன்.

"வந்துச்சு தம்பி. நாலு இட்லி சாப்பிட்டுட்டு மெதுவாத்தான் கிளம்பினேன்."

அன்னைக்கும் நம்பர் தவறித்தான் போச்சு. ரெண்டு பேர் தள்ளி உள்ளே வந்தாங்க. சர்க்கரை 156.