ஒன்றரை நிமிடத் திறப்புரை



என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தாயார் அண்மையில் எங்கள் தாமானில் மளிகைக் கடை திறந்தார். கணவர் மறைந்த பின் கைக்கு வந்த ஊழியர் சேமநிதிப் பணம்தான் முதல். திறப்பு நாளுக்குப் பத்து நாளிருக்கையில் அவர் என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை," என்றார்.

இருபது ஆண்டுகளாகப் பேச்சுப் போட்டிக்கு மாணவர்களை ஆயத்தம் செய்பவள் நான். "நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே" என்று தொடங்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? இரண்டு பக்கம் எழுதினேன். பிரமுகர் பெயர்கள், ஒரு குறள், அவர் பட்ட துன்பங்கள், ‘மற்றெங்கும் கிடைக்காத மலிவு விலை’ என எல்லாம் இருந்தன. படித்துப் பார்க்கச் சொன்னேன். ஆறு நிமிடம் ஆயிற்று. மூன்று இடங்களில் திக்கி நின்றார்.

பிறகு அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். "வெங்காய விலை அடுத்த வாரம் ஏறினால், மலிவு என்று சொன்ன வாய்க்கு என்ன பதில் சொல்வேன்?" அந்த வரியை அடித்தேன். துன்பங்களைப் பற்றிய பத்தியையும் வேண்டாம் என்றார். "இரக்கப்பட்டு வருகிறவர்கள் ஒருமுறை வாங்குவார்கள், டீச்சர். சாமான் நன்றாக இருந்தால்தான் மறுமுறை வருவார்கள்." பெயர்ப் பட்டியலில் ஒருவர் விடுபட்டாலும் மனத்தாங்கல், அதுவும் போயிற்று. பத்தாண்டுகளாகத் தெரிந்த அண்டை வீட்டாரிடம் அவர் குறள் சொல்லிப் பேசியதே இல்லை. ஆகவே குறளும் போயிற்று.

எஞ்சியதை எப்படி நினைவில் வைப்பது? தாளைப் பார்த்துப் படித்தால் வந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது. மனனம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் அடுத்ததும் வராது. ஆகவே ஒரு மாலையில் இருவரும் கடை வாசலில், ஐந்தடி நடைபாதையில் போய் நின்றோம். இடப்பக்கம் மலாய்க்கார மாக்சிக்கின் நாசி லெமாக் கடை. வலப்பக்கம் சீனரின் இரும்புச் சாமான் கடை. எதிரே வாடிக்கையாளர் நிற்கப்போகும் இடம். பின்னால் அவருடைய கடை. பார்வை திரும்பும் வரிசையே பேச்சின் வரிசையாயிற்று. இடம், வலம், முன், பின், பிறகு கதவு. ஐந்து திசைக்கு ஐந்து செய்தி. சொற்களை அவரே தேர்ந்துகொண்டார்.

திறப்பு நாள் காலையில் ஏறத்தாழ நாற்பது பேர் கூடினர். அவர் பேசியது இவ்வளவுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். மாக்சிக், ஒரு மாதமாக இங்கே ஒரே தூசி, ஆணி அடிக்கிற சத்தம். பொறுத்துக்கொண்டீர்கள், தெரிமா காசே. தவுக்கே, இந்தப் பெயர்ப் பலகை உங்கள் ஏணியில் ஏறித்தான் மாட்டினோம், தெரிமா காசே. இந்தத் தாமானில் பத்து வருடமாக இருக்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியும், எனக்கு உங்கள் பிள்ளைகளைத் தெரியும். கடை சின்னது. நீங்கள் கேட்கிற சாமான் இன்று இல்லாமல் இருக்கலாம். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டியிருக்கிறேன், எழுதி வையுங்கள், வாங்கி வைக்கிறேன். நிறுவை சரியாக இருக்கும். உள்ளே தேநீரும் கேசரியும் இருக்கின்றன. வாருங்கள். ஜெம்புட் மினும்."

ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் ஒரு சிக்கல் வந்தது. தவுக்கே தம் கடையில் இல்லை. கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தார். வலப்பக்கம் திரும்பியவர் ஆளைக் காணாமல் ஒரு கணம் தயங்கினார். ஆனால் கடையும், சுவரில் சாத்தியிருந்த ஏணியும் அங்கேதான் இருந்தன. அந்த ஏணியைக் காட்டியே நன்றி சொன்னார். பின்வரிசையிலிருந்து தவுக்கே கையை உயர்த்த, எல்லாரும் சிரித்தார்கள். ஆளை நம்பாமல் இடத்தை நம்பி வரிசை அமைத்தது அங்கே கைகொடுத்தது.

கேசரி தீர்ந்த பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். நான்கு வரிகள் இருந்தன. முதல் வரி மாக்சிக்கின் கையெழுத்து: நாசி லெமாக்கிற்கு நெத்திலிக் கருவாடு, வாரம் இரண்டு கிலோ. அந்த அம்மையார் என்னிடம் மெல்லக் கேட்டார்: "டீச்சர், நெத்திலி மொத்தமாக எங்கே வாங்கலாம்?"

அடுத்த பேச்சுப் போட்டிக்கு என் மாணவர்களையும் முதலில் வகுப்பறை வாசலில் நிறுத்திப் பேசவைக்கலாம் என்றிருக்கிறேன். மணிக்காப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன்.