நேர்முகப் பரீட்சையில் அடுத்த கேள்வி உங்கள் பதிலுக்குள்தான் இருக்கிறது



எங்கள் பகுதியில் சில தம்பி தங்கச்சிமாருக்கு அரச வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருக்கிறது. கடிதம் கிடைத்ததும் அநேகமானோர் செய்வது ஒன்றுதான். கடைக்குப் போய் பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்கி, இரவு பகலாகப் பாடமாக்குகிறார்கள். நாங்கள் மூன்று ஆசிரியர்கள் கொஞ்சக் காலமாகச் சனிக்கிழமைகளில் இவர்களை உட்கார வைத்து மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்தி வருகிறோம். அதில் கண்டதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். கடிதம் வந்தவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வர்த்தமானியை எடுங்கள். புத்தகம் பிறகு. அந்தப் பதவிக்கான அறிவித்தலில் நேர்முகம் பற்றிய பகுதியைத் தேடுங்கள். "பொது நேர்முகப் பரீட்சை" என்றிருந்தால், உங்கள் தகைமைகளையும் ஆவணங்களையும் சரிபார்ப்பதே அதன் நோக்கம். பெரும்பாலும் புள்ளி இல்லை என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். "கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை" என்றிருந்தால் புள்ளி உண்டு. மேலதிகக் கல்வித் தகைமை, அனுபவம், மொழி, கணினி, புறக்கிருத்தியங்கள், நேர்முகத்தில் காட்டும் திறமை என்று தலைப்புகள் பதவிக்குப் பதவி மாறும். எந்தத் தலைப்புக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள். பல பதவிகளில் பெரும் பங்கு சான்றிதழ்களுக்குத்தான். அப்படியிருக்க, வலயமட்ட விளையாட்டுச் சான்றிதழின் மூலப்பிரதியை வீட்டில் வைத்துவிட்டு, நதிகளின் நீளத்தைப் பாடமாக்கிக்கொண்டு போவதில் பயனில்லை.

இன்னொரு விடயம் எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி வருவது. பிறப்புச் சான்றிதழில் "முஹம்மது", அடையாள அட்டையில் "மொஹமட்", சாதாரண தரப் பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று உங்களுக்குத் தெரியும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. போகும் முன்பே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கலாம்.

இனிக் கேள்விகளுக்கு வருவோம்.

சபையில் இருப்பவர்கள் ஐந்நூறு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வருவதில்லை. முதற் கேள்வியை அவர்கள் கேட்பார்கள், அடுத்ததைப் பெரும்பாலும் உங்கள் பதிலில் இருந்துதான் எடுப்பார்கள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முறையும் இதுதான். பிள்ளை பதில் சொன்னதும் நிறுத்தாமல், அந்தப் பதிலிலிருந்தே இன்னொரு கேள்வியைக் கேட்டால்தான் விளங்கியதா, மனனமா என்று தெரியும். ஆகவே தனித்தனி விடைகளைச் சேர்க்காமல், சங்கிலியாகத் தயாராகுங்கள்.

ஓர் உதாரணம். பிரதேச செயலகத்தோடு சேர்ந்த வெளிக்கள உத்தியோகத்தர் பதவிக்குப் போகவிருந்த அம்பாறை மாவட்டத் தங்கச்சி ஒருவரிடம் நாங்கள் கேட்டோம்.

"பாராளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர்கள்?"

"225 சேர்."

"எல்லோரையும் மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கிறார்களா?"

இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினார். புத்தகத்தில் 225 மட்டும்தான் இருந்ததாம். 196 பேர் தேர்தல் மாவட்டங்களில் இருந்து வருகிறார்கள். மிகுதி 29 பேர் தேசியப் பட்டியல். நாடு முழுவதும் கட்சிகள் எடுத்த வாக்கு விகிதத்தின்படி அது பகிரப்படும். சங்கிலி இத்தோடும் முடியாது.

"மாவட்டம் 25. தேர்தல் மாவட்டம் எத்தனை?"

22. ஏன் குறைகிறது என்று கேட்டால், யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி. முதலாவதில் ஒன்று குறைகிறது, இரண்டாவதில் இரண்டு குறைகிறது. 25 இல் மூன்று போனால் 22. இப்படி விளங்கிக்கொண்டவருக்கு அந்த எண் மறக்காது.

"உங்கள் மாவட்டத்தின் தேர்தல் மாவட்டப் பெயர் என்ன?"

திகாமடுல்ல. 2024 பொதுத் தேர்தலில் அதற்கு 7 ஆசனங்கள். சொந்த மாவட்டத்தைப் பற்றிய கேள்விக்குத் தெரியாது என்று சொன்னால், அது மற்றக் கேள்விகளை விட அதிகமாக உறுத்தும். நாட்டின் 22 தேர்தல் மாவட்டத்தையும் அறியாதவரை மன்னிப்பார்கள். தான் பிறந்து வளர்ந்த பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை கிராம உத்தியோகத்தர் பிரிவு, மக்களின் பிரதான தொழில் என்ன, எல்லை எது, உள்ளூராட்சி மன்றம் மாநகர சபையா, நகர சபையா, பிரதேச சபையா என்று அறியாதவரை, இவர் வெளிக்களத்தில் என்ன செய்வார் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே பொது அறிவை உங்கள் ஊரில் தொடங்கி வெளியே போங்கள்.

நடப்பு விவகாரமும் இப்படித்தான். பத்திரிகைத் தலைப்பு நூறைப் பார்ப்பதை விட, விண்ணப்பித்த பதவியோடு தொடர்பான ஐந்தாறு விடயங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி எழுதுங்கள். என்ன? எப்போது, எந்தச் சட்டத்தின் கீழ்? ஏன்? எங்கள் ஊரில் அது எப்படித் தெரிகிறது?

அஸ்வெசும திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2023 இல் சமுர்த்தி நிவாரணக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்தது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், நலன்புரி நன்மைகள் சபை அதை நடத்துகிறது. குடும்பத்தின் வருமானத்தை மட்டும் கேட்காமல், வீடு, சொத்து, கல்வி, சுகாதாரம் போன்ற விடயங்களையும் கணக்கெடுத்துப் பயனாளிகளைத் தெரிவு செய்வது அதன் அடிப்படை. விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். தகுதியில்லாதவர் பட்டியலில் இருந்தால் ஆட்சேபனை தெரிவிக்கலாம்.

தங்கச்சியிடம் கேட்டோம், "இந்தத் திட்டம் நல்லதா கெட்டதா?" என்று. இது பொறி. "நல்லது சேர்" என்று மட்டும் சொன்னால் பதில் வெறுமை. அந்த அரசாங்கம், இந்த அரசாங்கம் என்று தொடங்கினால் மேடைப் பேச்சாகிவிடும். அவர் இரண்டாம் முறை சொன்ன பதில் எங்களுக்குப் பிடித்தது. "உண்மையாகத் தேவையுள்ளவரைத் தரவின்படி தெரிவு செய்வதுதான் நோக்கம் சேர். எங்கள் பிரிவில் கணவன் கடலுக்குப் போகும் குடும்பங்களின் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். கணக்கெடுப்பு நடந்த நாளில் எழுதியது மற்ற மாதத்துக்குப் பொருந்தாது. அப்படி விடுபட்டவர்களுக்கு மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்ப உதவுவதுதான் வெளிக்கள உத்தியோகத்தராக நான் செய்யக்கூடியது." நோக்கம், கண்ணால் கண்ட ஒரு சிக்கல், தன் பதவிக்குள் செய்யக்கூடியது. நான்கு வசனம். கட்சி இல்லை, கோபமும் இல்லை.

கடைசியாக ஆளுமைக் கேள்வி. "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்பார்கள் என எல்லோரும் தயாராகிப் போகிறார்கள். நாங்கள் கேட்டதில் அதிகம் பேர் சிக்கியது வேறொரு கேள்வியில். "உங்கள் சாச்சா மகனை நகரத்துப் பாடசாலையில் முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டும். அந்தப் பிரிவில் அவர் குடியிருக்கவில்லை. குடியிருப்பதாக உறுதிப்படுத்தித் தரச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?"

எல்லோரும் உடனே சொல்லும் பதில், "நேர்மையாக மறுத்துவிடுவேன்." சபை அத்தோடு விடாது. "உங்கள் வாப்பா சொன்னாலுமா? அவர் இரவு வீட்டுக்கு வந்து அழுதாலுமா?" என்று தொடரும். அப்போது சிலர் சிரித்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள், சிலர் "அப்படியென்றால் யோசிப்பேன்" என்பார்கள். சொன்ன நேர்மை அந்த இடத்தில் விழுந்துவிடும்.

சபை இங்கே தேடுவது வீரத்தை அல்ல. நடைமுறை தெரிந்தவரா என்று பார்க்கிறார்கள். நாங்கள் சொல்லிக் கொடுப்பது இதுதான். வாக்காளர் இடாப்பில் அவருடைய பதிவு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். உண்மையில் அங்கே குடியிருந்தால் என்னென்ன ஆவணம் தேவை என்று சொல்லிக் கொடுப்பேன். ஆனால் விண்ணப்பதாரி உறவினர் என்பதை மேலதிகாரிக்கு அறிவித்து, அதை இன்னோர் உத்தியோகத்தர் பரிசீலிக்கும்படி கேட்பேன். குடியிருக்கவில்லையென்றால் உறுதிப்படுத்த முடியாது என்று வாப்பாவின் முன்னாலேயே சொல்லி, அவர் வசிக்கும் இடத்துக்கு அருகே எந்தப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்து தேடிக் கொடுப்பேன். இப்படிச் சொன்னவரிடம் "வாப்பா அழுதால்?" என்று கேட்டாலும் பதில் மாறாது. உறவை முறிக்கவும் இல்லை, கையொப்பமும் இடவில்லை.

தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது? ஊகித்து ஓர் எண்ணைச் சொல்லாதீர்கள். பிழையான எண் அடுத்த மூன்று கேள்வியையும் அந்தப் பிழையிலேயே கட்டிவிடும். "மன்னிக்கவும் மேடம், அது எனக்குத் தெரியவில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். பாதி தெரிந்தால் தெரிந்த பாதியைச் சொல்லி நிறுத்துங்கள். சங்கிலி அங்கேயே அறுந்து, புதிய கேள்வி வரும்.

வீட்டில் பயிற்சி எடுக்க ஒரு வழி. ராத்தாவையோ காக்காவையோ முன்னால் உட்கார வையுங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்க, இரண்டு நிமிடம் பேசுங்கள். நீங்கள் வாயால் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் அவர் தாளில் எழுதட்டும். ஊர், பாடசாலை, பட்டம், பாடம், சங்கம், பொழுதுபோக்கு. முடிந்ததும் தாளைப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் வரப்போகும் கேள்வி. "வாசிப்பு பிடிக்கும்" என்று சொன்னால், கடைசியாக வாசித்த நூல் எது, அதில் என்ன இருந்தது என்று வரும். மூன்று வசனம் சொல்ல முடியாத எதையும் தாளிலிருந்து வெட்டிவிட்டு, மீண்டும் பேசிப் பாருங்கள். பிறகு அதே இரண்டு நிமிடத்தைச் சிங்களத்தில் ஒரு நிமிடமாகப் பேசிப் பழகுங்கள். சபையில் ஒருவர் மொழியை மாற்றிக் கேட்டால் வாயடைத்துப் போகாமல் இருக்க அதுவே போதும்.

நேர்முகத்துக்குப் போய் வருபவர்கள் தயவுசெய்து, கேட்ட கேள்விகளை அன்றிரவே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். முதற் கேள்வியை மட்டும் எழுத வேண்டாம். நீங்கள் என்ன சொன்னீர்கள், அதிலிருந்து அடுத்து என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை வரும் பிள்ளைக்கு அதுதான் தேவை.