ஷார்ப் விகிதமும் இன்னும் வராத மாதமும்

1966ஆம் ஆண்டு வில்லியம் ஷார்ப் பரஸ்பர நிதிகளை ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோலை முன்வைத்தபோது, அதற்கு அவர் இட்ட பெயரில் ‘இடர்’ என்ற சொல் இல்லை. வெகுமதிக்கும் மாறுபாட்டுக்கும் உள்ள விகிதம் என்பதே அப்பெயரின் பொருள். பின்னர் அது ஷார்ப் விகிதம் என்று வழங்கலாயிற்று. ‘இடர் சரிசெய்த வருவாய்’ என்னும் வகைப்பாட்டின் தலைமகனாகவும் ஆயிற்று. மாறுபாடு இருந்த இடத்தில் இடர் வந்து அமர்ந்துகொண்டது. இவ்விரு சொற்களும் ஒரே பொருளைத் தருவனவா என்ற கேள்வியைப் பயனர் பலர் எழுப்புவதே இல்லை.

கணக்கு எளிது. ஒரு முதலீட்டு உத்தியின் மாத வருவாயிலிருந்து இடரற்ற வட்டியைக் கழித்து, எஞ்சிய மிகை வருவாயின் சராசரியை அதன் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். ஆண்டுக் கணக்காக்க 12இன் வர்க்கமூலத்தால் பெருக்குவது வழக்கம். ஷார்ப் ஆராய்ந்தவை 34 பரஸ்பர நிதிகள். பல பங்குகளை வாங்கி வைத்திருக்கும் அத்தகைய நிதிகளில் ஏற்றமும் இறக்கமும் ஏறத்தாழ ஒத்த வடிவில் நிகழ்வதால், திட்ட விலக்கம் இடரை ஓரளவு நேர்மையாகவே காட்டும். வருவாயின் வடிவம் ஒருபக்கம் சாய்ந்த உத்திகளுக்கு அதே அளவுகோலைப் பொருத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இதை நிறுவ ஆண்ட்ரூ லோ 2001இல் ஒரு கற்பனை நிதியைப் படைத்தார். ‘கேபிடல் டெசிமேஷன் பார்ட்னர்ஸ்’ என்று பெயர். மூலதனத்தை அழிக்கும் கூட்டாளிகள் என்று கொள்ளலாம். பெயரே எச்சரித்தாலும் எண்கள் மயக்கின. 1992 ஜனவரி முதல் 1999 டிசம்பர் வரையிலான 96 மாதங்களில் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் ஷார்ப் விகிதம் 0.98, இந்நிதியினுடையது 1.94. குறியீடு 36 மாதங்களில் நட்டம் கண்டது. நிதியோ 6 மாதங்களில் மட்டுமே.

அந்நிதி செய்ததெல்லாம் ஒன்றுதான்: நடப்பு விலையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் கீழான விலைக்குரிய புட் ஆப்ஷன்களை மாதந்தோறும் விற்றது. அதாவது, குறியீடு அந்த எல்லைக்குக் கீழே சரிந்தால் இழப்பை ஈடுசெய்வதாக உறுதி கூறி, அதற்கு பிரீமியம் பெற்றது. இதற்குப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் திறமை எதுவும் வேண்டியதில்லை. வெள்ளம் வராத ஆண்டுகளில் வெள்ளக் காப்பீடு விற்பவரின் கணக்கேடு எப்படி இருக்குமோ அப்படி அமைந்தது அதன் வரலாறு. 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் அக்குறியீடு 20 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. அந்த நாள் ஆய்வுக்காலத்துக்கு வெளியே இருந்தது.

எண்களை இன்னும் எளிமையாக்கிப் பார்க்கலாம். ஓர் உத்தி 59 மாதங்களுக்குச் சராசரியாக 1 சதவீத மிகை வருவாயும் 1 சதவீதத் திட்ட விலக்கமும் காட்டுகிறது எனில் ஆண்டு விகிதம் 3.46. அறுபதாம் மாதம் 30 சதவீதம் நட்டம். சராசரி 0.48ஆகத் தாழ்கிறது, திட்ட விலக்கம் 4.1ஆக ஏறுகிறது, விகிதம் 0.41. உத்தி மாறவில்லை. அறுபதாம் மாதத்தின் இடர் முதல் மாதத்திலிருந்தே அதனுள் இருந்தது. தரவில் மட்டும் இல்லை.

அதே அறுபதாம் மாதம் 30 சதவீத லாபம் தந்திருந்தால்? விகிதம் உயர்வதில்லை, 1.34ஆக வீழ்கிறது. எதிர்பாராத பெரும் லாபத்தையும் இவ்விகிதம் தண்டிக்கிறது. (இதைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பதில் வியப்பில்லை.)

இக்குறையை நீக்கவென்று பலர் கீழ்நோக்கிய விலகலை மட்டும் எண்ணும் சார்டினோ விகிதத்தை நாடுகின்றனர். லாபத்தைத் தண்டிக்கும் குறை அதனால் நீங்கும். ஆயினும் ஆப்ஷன் விற்பவரின் கணக்கில் அது மயக்கத்தை மிகுவிக்கவே செய்யும்: வீழ்ச்சி வரும்வரை நட்ட மாதங்கள் அரிதாதலின் வகுஎண் சிறுத்து, விகிதம் இன்னும் உயர்ந்து தோன்றும். புள்ளியியல் பிழை வரம்பும் காப்பதில்லை. முன்சொன்ன 59 மாதங்களுக்கு வழக்கமான வாய்பாட்டின்படி திட்டப் பிழை சுமார் 0.55, 3.46 என்பது ஐயத்துக்கு இடமின்றி உயர்வானது என்றே சோதனை கூறும். காணாத மாதத்தைப் பற்றி அச்சோதனைக்கு எதுவும் தெரியாது.

ஆகவே இத்தகைய உத்தியை மதிப்பிடுவோர் விகிதத்தைக் காட்டிலும் கையிருப்பைப் பார்ப்பதே பயனுடையது. எதை வாங்கியிருக்கிறார்கள், எதை விற்றிருக்கிறார்கள் என்று தெரிந்தால், 1987இன் அந்த ஒரு நாள் சரிவை இன்றைய ஒப்பந்தங்களின்மீது ஏற்றி நட்டத்தைக் கணக்கிடலாம். கையிருப்பு வெளியிடப்படாத இடத்தில், வருவாயின் பரவலில் இடப்பக்கச் சாய்வு உள்ளதா என்று பார்க்கலாம். சந்தை சற்றே சரிந்த மாதங்களில் உத்தி அதைவிட மிகுதியாகச் சரிந்ததா என்றும் ஒப்பிடலாம். லோ படைத்த நிதியின் 6 நட்ட மாதங்களே அதன் தொழில் இன்னதென்று சொல்லிவிடக்கூடியவை. எஞ்சிய 90 மாதங்களிலிருந்து பிரீமியம் வந்துகொண்டிருந்தது என்பதற்கு மேல் அறிய ஏதுமில்லை.