கை மறைத்த ஏழு ஃபிரேம்கள்

சண்டைக் காட்சியில் நடிகருக்குப் பதிலாக டூப் அடிக்கிறார், விழுகிறார். அந்த ஷாட்டில் டூப்பின் முகத்தை எடுத்துவிட்டு நடிகரின் முகத்தைப் பொருத்தும் வேலையில் பெரும்பகுதியை இன்று மென்பொருள் தானாகச் செய்துவிடுகிறது. அது முதலில் ஒவ்வொரு ஃபிரேமிலும் முகத்தைத் தேடி, கண், மூக்கு, வாய், தாடை ஆகியவற்றின் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. பிறகு அந்தக் குறிகளின் மேல் புதிய முகத்தை வரைகிறது. குறி கிடைக்காத இடத்தில் முகமாற்றம் நின்றுபோகும், தவறாகக் கிடைத்த இடத்தில் முகம் கோணிவிடும். இப்படிக் கெட்டுப்போன சில ஃபிரேம்களைச் சரிசெய்யும் பொறுப்பு ரோட்டோ, பெயிண்ட் கலைஞர்களுடையது. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் இருட்டடித்த அறைகளில் இந்த வேலை நடக்கிறது.

அப்படி ஓர் அறையில் பார்க்கக் கிடைத்தது நான்கு விநாடி ஷாட். நொடிக்கு 24 வீதம் 96 ஃபிரேம்கள். வழக்கப்படி எண் 1001-இல் தொடங்குகிறது. டூப் சுழன்று குத்தும்போது அவருடைய முழங்கை முகத்துக்குக் குறுக்கே போகிறது. 1041 முதல் 1047 வரை ஏழு ஃபிரேம்கள் மட்டும் கெட்டிருந்தன. முதலிரண்டில் புதிய கன்னம் சட்டைக் கையின் மேல் ஏறி நின்றது. 1044-இல் மென்பொருளுக்கு முகமே அகப்படவில்லை, அதனால் டூப்பின் சொந்த முகம் ஒரே ஒரு ஃபிரேமுக்குத் திரும்பி வந்திருந்தது. நொடியில் 24-இல் ஒரு பங்குதான் என்றாலும் ஓட்டிப் பார்த்தால் அது பளிச்சென்று வெட்டும். இதை இங்கே ‘பாப்’ என்கிறார்கள்.

முதல் வேலை கையைப் பிரிப்பது. நியூக் மென்பொருளில் மேல்கை, முன்கை, விரல்கள் என்று தனித்தனியாகக் கோடு கட்டுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் ஏழு ஃபிரேமிலும் கோட்டைப் புதிதாக வரைந்திருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே துல்லியமாக இருந்தன. ஓட்டியபோது கையின் விளிம்பு துடித்தது. “தம்பி, 1041, 1044, 1047 மூணுல மட்டும் கீ வை. நடுவுல தானா போகட்டும். எங்க விலகுதோ அங்க மட்டும் தொடு” என்றார் மூத்தவர். “சரிங்கண்ணா” என்று அவர் கோடுகளை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். பக்கத்து ஃபிரேம்களோடு ஒத்துப்போகாத துல்லியத்தால் இந்தத் தொழிலில் பயன் இல்லை.

கடினமான பகுதி விளிம்பு. வேகமாகப் போகும் கை கேமராவில் இழுபட்டு மங்கலாகப் பதிகிறது. அந்த மங்கலில் சட்டையின் நீலமும் பின்னால் இருக்கும் டூப்பின் தோல்நிறமும் கலந்துவிடுகின்றன. கையை அப்படியே வெட்டிப் புதிய முகத்தின் மேல் வைத்தால் பழைய தோல்நிறம் மெல்லிய கோடாகக் கையைச் சுற்றித் தெரியும். எனவே கையின் உட்பக்கத்து நீலத்தை வெளியே இழுத்து அந்த மங்கல் பகுதியை நிரப்புகிறார்கள். பிறகு அதே அளவு மங்கலாக்கிய மாஸ்க்கினால் வெட்டுகிறார்கள். அப்போது நீலத்தின் ஊடே தெரிவது நடிகரின் கன்னமாக இருக்கும்.

கைக்குப் பின்னால் வைக்க ஒரு முகம் வேண்டும். கெடாத 1040-இலிருந்தும் 1048-இலிருந்தும் முகத்தை எடுத்து, கண்ணோரம், மூக்கு நுனி, தாடை ஆகிய புள்ளிகளைப் பின்தொடர்ந்து சற்றே வளைத்துப் பொருத்துகிறார்கள். முன்பாதிக்கு முதலாவது, பின்பாதிக்கு இரண்டாவது. நடுவில் கை முகத்தின் பெரும்பகுதியை மறைக்கும் இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். இதில் மறந்துபோவது நிழல். 1040-இல் கை இன்னும் முகத்தருகே வரவில்லை, ஆகவே கடன் வாங்கிய கன்னத்தில் கையின் நிழல் இல்லை. மென்மையான ஒரு மாஸ்க்கைக் கையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக் கன்னத்தை இருட்டாக்கினால்தான் கை முகத்தின் முன்னால் போவதாகக் கண் நம்பும்.

கடைசியில் கிரெய்ன். ஒரு ஃபிரேமை நீட்டிப் பயன்படுத்தினால் அதன் கிரெய்னும் உறைந்து நிற்கும். சுற்றிலும் புள்ளிகள் துள்ள, கன்னம் மட்டும் பிளாஸ்டிக் போல அசையாமல் இருக்கும். கிரெய்னை முன்பே நீக்கிவிட்டு, எல்லாம் முடிந்தபின் புதிதாக ஏற்றுகிறார்கள். சோதிக்கும்போது காமாவைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள். சாதாரண வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் ஒட்டு அப்போது தெரிந்துவிடும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. கை மறைத்திருக்கும்போதே தலை வெகுவாகத் திரும்பிவிட்டால், இரு புறத்து ஃபிரேம்களிலும் அந்தக் கோணத்து முகம் இருக்காது. இருப்பதை வளைத்தால் மூக்கு தட்டையாகும். அப்போது ஷாட்டை முகமாற்றம் செய்பவரிடமே திருப்பி அனுப்புகிறார்கள். அவர் அந்த ஃபிரேம்களில் முகக்குறிகளைக் கையால் வைத்து மென்பொருளை மறுபடி ஓட்டுகிறார். அதுவும் சரிவராவிட்டால் நடிகரின் முப்பரிமாணத் தலை வடிவத்தைக் கட்டி, அந்தக் கோணத்தில் திருப்பி வைக்கிறார்கள்.