சும்மா கிடைக்கிற இடத்துக்கும் கணக்கு இருக்கு

கடந்த விடுமுறையில் எங்கட ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் தரம் 10 பிள்ளைகள் தங்கட ஊர்க் கிணறுகளைப் பற்றி ஒரு செயற்றிட்டம் செய்தார்கள். துலாக் கிணறு, பங்குக் கிணறு, கோயில் கிணறு என்று 60 படங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி. அதை இணையத்தளமாகப் போட்டுத் தரச்சொல்லி வரலாற்று ரீச்சர் எங்களைக் கேட்டார். நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். கையில் காசு இல்லை. ஆகவே இலவச இடம்தான் தேடினோம்.

இடம் தேடும்போது முதலில் பார்க்கவேண்டியது, தளம் காட்ட மட்டுமா, இல்லை ஆக்களிடம் இருந்து எதையாவது வாங்கிச் சேமிக்கவும் வேணுமா என்பதுதான். காட்ட மட்டும் என்றால் சில கோப்புகள் போதும். சேமிக்கவேணும் என்றால் பின்னால் ஒரு நிரலும் தரவுத்தளமும் எந்நேரமும் ஓடவேணும். அதற்கு யாரோ தொடர்ந்து செலவழிக்கவேணும் என்பதால், இலவசம் முதலில் நிற்பதும் அங்கேதான். ஹெரோக்கு 2022 நவம்பரில் தன் இலவசத் திட்டங்களை நிறுத்தியது. எங்கட கிணறுகளுக்குக் காட்டினாலே போதும். அதனால் கிட்ஹப் பேஜஸைத் தெரிவு செய்தோம்.

அங்கே ஒரு தளம் 1 ஜிபிக்கு மேல் போகக்கூடாது. மாதம் 100 ஜிபி வரை ஆக்கள் பார்க்கலாம் என்றும் ஒரு வரையறை உண்டு. போனில் எடுத்த படம் ஒன்று ஏறக்குறைய 4 எம்பி. 60 படமும் சேர்ந்து 240 எம்பிதான், இடம் தாராளம். ஆனால் ஒரு பக்கத்துக்கு 20 படம் போட்டால், அதைத் திறக்கிற ஆளுக்கு 80 எம்பி டேட்டா போகும். ரீலோட் கார்ட் போட்டுப் பாவிக்கிற அம்மம்மா அதைத் திறப்பாவா? 1,250 தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தாலே மாதத்து 100 ஜிபியும் முடிஞ்சுபோகும். படங்களின் அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைச்சோம். ஒன்று 300 கேபி அளவுக்கு வந்தது. பக்கம் 6 எம்பி. அதே 100 ஜிபியில் இப்ப 16,000 தடவைக்கு மேல் திறக்கலாம்.

ஏற்றின பிறகு சில படங்கள் தெரியவில்லை. எங்கட கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. காரணம் சின்னது: போன் படத்துக்கு வைத்த பெயர் `kinaru07.JPG`, பக்கத்தில் எழுதியிருந்தது `kinaru07.jpg`. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். கிட்ஹப் பேஜஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும். படத்தின் முகவரியைத் தனியாகத் திறந்து 404 வந்தால், முதலில் பெயரைத்தான் பார்க்கவேணும். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றினோம், படங்கள் வந்தன.

பிறகு பிள்ளைகள், "அண்ணா, ஆக்கள் தங்கட கிணத்துக் கதையையும் எழுதினா நல்லா இருக்குமே" என்றார்கள். அங்கே எழுதுவதைச் சேமிக்க வழி இல்லை. ஆகவே ஒரு கூகிள் படிவத்தைச் செய்து பக்கத்துக்குள் பதித்தோம். பதில்கள் படிவத்தைச் செய்தவரின் கணக்குக்குத்தான் போகும் என்பதால், அதை ரீச்சரின் கணக்கிலேயே செய்தோம்.

எங்களை அதிகம் யோசிக்கவைத்தது வேறொன்று. இலவசக் கணக்கில் தளம் நடத்த, கோப்புகள் உள்ள களஞ்சியம் எல்லோருக்கும் திறந்திருக்கவேணும். அது பழைய மாற்றங்களையும் வைத்திருக்கும். இன்றைக்கு ஏற்றி நாளைக்கு அழித்தாலும், பழைய பதிவுக்குள் போய் யாரும் எடுக்கலாம். ஒரு பிள்ளை கிணத்துச் சொந்தக்காரரின் போன் இலக்கத்தையும் எழுதியிருந்தாள். இன்னொரு படத்தில் மூன்று பிள்ளைகளின் முகமும் பெயர்ப் பட்டியும் தெளிவாகத் தெரிந்தன. ஏற்ற முதலே ரீச்சரோடு இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிட்டோம். பிறகு எடுக்கலாம் என்று விடக்கூடிய வேலை இல்லை இது.

கணக்கையும் எங்கட பெயரில் வைக்கவில்லை. நாங்கள் பட்டம் முடிச்சுப் போனபிறகு கடவுச்சொல்லுக்கு யாரைத் தேடுவார்கள்? பள்ளிக்கூட மின்னஞ்சலில் திறந்து, மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து அலுவலக அலுமாரியில் வைத்தாயிற்று. தளம் முழுக்க வெறும் கோப்புகள்தான். ஆகவே ஒரு பென்டிரைவில் போட்ட பிரதியில் `index.html` ஐத் திறந்தால், இணையம் இல்லாமலே படிவத்தைத் தவிர எல்லாம் தெரியும். அந்தப் பிரதி இப்ப பள்ளிக்கூட நூலகத்தில் இருக்கிறது. நாளைக்குக் கிட்ஹப் கதவைச் சாத்தினாலும், அதே கோப்புகளை வேறொரு இடத்தில் ஏற்ற ஒரு பின்னேரம் போதும்.