கடைசிப் பத்தியை முதலில் படிப்பவர்

ரயில்வேயில் பர்சனல் பிராஞ்சில் நான் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு ஒரு அதிகாரி இருந்தார். மாறுதல் மனு எதுவானாலும் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பார். அதற்குப் பிறகு இணைப்புகளைப் புரட்டுவார். முதல் பக்கத்துக்கு வருவதற்குள் பாதி முடிவு ஆகியிருக்கும். "என்ன கேக்குறான்னு தெரியணும்யா. அது தெரிஞ்சாத்தான் அவன் சொல்ற கஷ்டம் அதுக்குப் போதுமான்னு பாக்க முடியும்" என்பார். எனக்கு அப்போது அது கல்மனசாகத் தோன்றியது.

போன வருஷம் கரக்பூரிலிருந்து ஒரு தம்பி தன் மனுவை வாட்ஸப்பில் அனுப்பியபோது, நான் செய்த முதல் காரியம் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியதுதான். அங்கே கோரிக்கை இல்லை. "தாயின் கண்ணீரைத் துடைக்க வழி செய்யுமாறு" என்று முடிந்திருந்தது. எந்த ஊருக்கு, எந்தப் பதவியில், எப்போது என்று ஒரு சொல்லும் கிடையாது.

பையனுக்குச் சொந்த ஊர் விருதுநகர். கரக்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், டெக்னீஷியன் கிரேடு இரண்டு. அப்பா இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போக வர பஸ்ஸில் அலைச்சல் வேறு. அக்கா கோயம்புத்தூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். துணைக்குப் போவது அடுத்த வீட்டுக்காரம்மா. நாலு பக்க மனுவில் இது நாலு வரிதான் வந்திருந்தது. மீதியெல்லாம் தாய்மையின் பெருமை.

நான் போனில் கேட்ட முதல் கேள்வி அவனைச் சங்கடப்படுத்தியிருக்கும். "அம்மாவ நீ கரக்பூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாமேப்பா. உன்னைச் சார்ந்த விதவைத் தாய், உன் மெடிக்கல் கார்டுல பேர் இருக்கு, அங்கயே பெரிய ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கு." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்ன சார் நீங்களே இப்படிக் கேக்குறீங்க" என்றான். ஃபைலைப் பார்க்கிறவர் இதைத்தான் முதலில் கேட்பார், ஆனால் உன்னிடம் கேட்க மாட்டார், ஃபைல் ஓரத்தில் எழுதிவிட்டு அனுப்பிவிடுவார் என்றேன்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் கிடைத்தால் பொருத்துவதற்கு அம்மாவின் பெயரை அந்த மருத்துவமனை வழியாகத் தமிழ்நாட்டின் உறுப்பு மாற்றுப் பட்டியலில் பதிந்திருக்கிறார்கள். பதிவு அந்த மருத்துவமனையோடு சேர்ந்தது. கூப்பிட்டால் சில மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும். வங்காளத்தில் இருந்துகொண்டு அது நடக்காது. இதை ஏன் எழுதவில்லை என்றால், "அது ஆஸ்பத்திரி விஷயம்தானே சார்" என்கிறான். அவனுடைய மனுவின் முதுகெலும்பே அதுதான்.

இப்படி முக்கியமானதை விட்டுவிட்டு மற்றதை எழுதிய மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காலையில் டப்பாலில் வரும் கட்டில் எப்போதும் இரண்டு மூன்று மாறுதல் மனு இருக்கும். டைரி நம்பர் போட்டு டீலிங் கிளார்க் மேஜைக்குப் போகும். அவர் விதி, சீனியாரிட்டி, காலியிடம் பார்த்துக் குறிப்பு எழுதி மேலே வைப்பார். அதிகாரி படிப்பது பெரும்பாலும் அந்தக் குறிப்பைத்தான். ஆகவே உன் கடிதத்தின் முதல் வாசகர், உன் நாலு பக்கத்தை நாலு வரியாகச் சுருக்க வேண்டிய ஒரு குமாஸ்தா. அந்த நாலு வரியை நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்குப் புண்ணியமாகப் போகும்.

வேறு பிரிவில் வேலை பார்த்த ஒரு அம்மையாரின் மனு இப்போது ஞாபகம் வருகிறது. கணவர் வேறு மாநிலத்தில் மத்திய அரசு வேலை. கணவன் மனைவியை முடிந்தவரை ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்ற ஆணை 1986-லிருந்தே இருக்கிறது. 2009-ல் அதைத் திரட்டித் திரும்ப வெளியிட்டார்கள். அம்மையார் அதை மேற்கோள் காட்டி, "இது என் உரிமை, மறுத்தால் நீதிமன்றம் செல்வேன்" என்று எழுதிவிட்டார். ஆணை சரிதான், ஆனால் அது வழிகாட்டுதல். 1991-ல் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: சேர்த்து வைப்பது நல்லது, முடிந்தால் செய்ய வேண்டும், ஆனால் அதை உரிமையாகக் கோர முடியாது. 2022-ல் ஒரு தீர்ப்பில் குடும்ப வாழ்க்கைக்கும் கொள்கையில் இடம் வேண்டும் என்று அரசுக்கு அறிவுறுத்தினார்கள்; அப்போதும் உரிமை என்று சொல்லவில்லை. மரியாதையான மொழி எழுதச் சொல்வது வெறும் பணிவுக்காக அல்ல, சட்டத்தில் நம் நிலையே அதுதான் என்பதற்காகவும்.

கரக்பூர் தம்பியும் ஒரு ஆணையைச் செருகியிருந்தான். மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவருக்கு வழக்கமான மாறுதலிலிருந்து விலக்கு தரும் 2018 ஆணை. யாரோ வாட்ஸப் குழுவில் போட்டது. அந்த ஆணை ஒருவரை இருக்கும் இடத்திலிருந்து கிளப்பாமல் வைப்பதற்கு. வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவதற்கு அல்ல. அதிலும் 2016 சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகைக் குறைபாடுகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள்; சிறுநீரகச் செயலிழப்பு அதில் இல்லை. பொருந்தாத ஆணையைக் காட்டினால் கிளார்க் "பொருந்தாது" என்று எழுதுவார். அந்த ஒரு சொல் ஃபைலில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் மங்கிவிடும். அடித்துவிடச் சொன்னேன்.

அடுத்தது அவன் விட்டுக்கொடுப்பது. சொந்த விருப்பத்தில் வேறு ரயில்வேக்குப் போனால் அங்கே அந்தக் கிரேடில் இருப்பவர்கள் எல்லாருக்கும் கீழேதான் சீனியாரிட்டி. அடிமட்ட சீனியாரிட்டி என்று எல்லாரும் சொல்வோம். நேரடி ஆள்சேர்ப்பு உள்ள கிரேடுக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் கிரேடு இரண்டில் இருப்பவன் மூன்றுக்கு இறங்க வேண்டும். மாறுதல் படியும் கிடையாது. மியூச்சுவல் என்றால், இரண்டு பேர் இடம் மாற்றிக்கொள்வது, அதில் இருவரின் சீனியாரிட்டியில் எது கீழோ அது கிடைக்கும், நட்டம் குறைவு. அதற்கும் முயன்றிருக்கிறான். மதுரைக் கோட்டத்தில் மேதினிப்பூர் பக்கத்துக்காரர் ஒருவர் ஜோடியாகக் கிடைத்தார். கையெழுத்துப் போடும் நேரத்தில் அவர் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இவன் அவரைத் திட்டித் தீர்த்தான். ஒப்புதல் வந்தபின் பின்வாங்க முடியாது என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அதற்கு முன்பே விலகியது நல்லதாகப் போயிற்று என்று நான் சொன்னது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

எங்கள் அதிகாரி ஒரு பென்சில் வைத்திருப்பார், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். மனுவில் "தயாராக இருக்கிறேன்" என்று வரும் இடங்களில் நீலக் கோடு போடுவார். அதற்கு எனக்கு அர்த்தம் புரிய ரொம்ப நாளாயிற்று. மனுதாரர் தன் நட்டத்தைத் தெரிந்துதான் கேட்கிறார் என்றால், நாளைக்கு வந்து சீனியாரிட்டி போச்சே என்று வழக்குப் போட மாட்டார். கையெழுத்திடுபவருக்கு அது பெரிய நிம்மதி.

கடைசியில் இருவருமாக உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு வந்தோம். போனது ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"உரிய வழியாக. பொருள்: குடும்பச் சூழல் காரணமாகத் தெற்கு ரயில்வே மதுரைக் கோட்டத்துக்கு விருப்ப மாறுதல் வேண்டுதல்.

ஐயா, நான் இந்த ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன் கிரேடு இரண்டாகப் பணிபுரிகிறேன். என்னைச் சார்ந்துள்ள விதவைத் தாயார் மதுரையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அதே மருத்துவமனை வழியாகச் சிறுநீரக மாற்றுக்குப் பதிவு செய்திருப்பதால், இங்கு ரயில்வே மருத்துவமனை வசதி இருந்தும் அவரை அழைத்துவர இயலவில்லை. உடன் தங்கிக் கவனிக்கக் குடும்பத்தில் வேறு எவரும் இல்லை.

கிரேடு மூன்றுக்கு இறங்கவும் அடிமட்ட சீனியாரிட்டியை ஏற்கவும் தயாராக இருக்கிறேன். மதுரைக் கோட்டத்தில் எந்த டிப்போவில் அமர்த்தினாலும் சேர்வேன். பொருத்தமான ஜோடி கிடைத்தால் மியூச்சுவலுக்கும் சம்மதம். இந்த நிதியாண்டின் பி.ஓ.எச். இலக்கு முடியும் மார்ச் இறுதிவரை பணியில் இருந்து, என் இடத்துக்கு வருபவருக்கு வேலையைக் கற்றுக்கொடுத்த பின் விடுவிக்கப்பட்டால் போதுமானது. என் கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலித்து முன்னனுப்பி உதவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்."

மார்ச் வரை இருக்கிறேன் என்பதை எழுத அவனுக்கு மனசே இல்லை. "அதுக்குள்ள அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" நியாயமான பயம்தான். ஆனால் விருப்ப மாறுதல் பெரும்பாலும் மாட்டுவது போகிற இடத்தில் அல்ல, இருக்கிற இடத்தில். அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்டு கடிதம் அனுப்பிய பிறகும், ஆள் பற்றாக்குறை என்று ஃபோர்மன் விடமாட்டார். ஒப்புதல் கையில் இருக்க, பையன் அதே பெஞ்சில் மாதக்கணக்கில் நட்டு முடுக்கிக்கொண்டிருப்பான். ஒர்க்‌ஷாப்புக்கு வருஷக் கணக்கு மார்ச்சில் முடிகிறது. இலக்கு முடியும் வரை இருப்பேன் என்பவனை மேலே அனுப்ப சூப்பர்வைசருக்குத் தயக்கம் குறையும். சும்மா இரக்கப்படச் சொல்வதைவிட இது அவருக்குச் சுலபம்.

இணைப்பு நாலே நாலு வைத்தோம். டயாலிசிஸ் அட்டவணையோடு மருத்துவமனைச் சான்று, உறுப்பு மாற்றுப் பதிவுச் சீட்டு, அப்பாவின் இறப்புச் சான்று, அம்மா பெயருள்ள மெடிக்கல் கார்டு நகல். அவன் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று ஒரு கட்டு வைத்திருந்தான். கிரியாட்டினின் எவ்வளவு என்று எந்த பர்சனல் ஆபீசரும் பார்ப்பதில்லை. சான்றில் "வாரம் மூன்று முறை, தொடர்ந்து" என்று டாக்டர் எழுதி, தேதியும் முத்திரையும் தெளிவாக இருந்தால் போதும். முதலில் வாங்கிய சான்றில் "சிகிச்சை பெற்று வருகிறார்" என்று மட்டும் இருந்தது. திரும்பப் போய் வாங்கி வரச் சொன்னேன். லீவில் வந்த பையன், அம்மா டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும்போதே வரிசையில் நின்று வாங்கியிருக்கிறான்.

ஒரு பக்கக் கடிதத்தைப் பார்த்து அவன் மாமா, "இவ்வளவு வறட்சியா எழுதினா யாருக்குப் பாவமா இருக்கும்?" என்றாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அதிகாரி இருந்திருந்தால் கடைசிப் பத்தியிலேயே பென்சிலை எடுத்திருப்பார்.

மார்ச்சில் விடவில்லை, இரண்டு மாதம் தள்ளிப்போனது. இப்போது மதுரை கோச்சிங் டிப்போவில் இருக்கிறான், நைட் ஷிப்ட் வாங்கிக்கொண்டு பகலில் அம்மாவோடு போகிறான். சிறுநீரகம் இன்னும் வரவில்லை. புது சீனியாரிட்டி லிஸ்ட் வந்ததும் எனக்கு அனுப்பியிருந்தான், தனக்குப் பின்னால் வேலையில் சேர்ந்த பையன்கள் பெயருக்கெல்லாம் கீழே தன் பெயரை மஞ்சளில் அடித்து, "கிரேடு இரண்டு திரும்ப வர எத்தனை வருஷம் சார் ஆகும்?" என்று கேட்டிருந்தான். காலியிடத்தைப் பொறுத்தது, ட்ரேட் டெஸ்டுக்கு இப்போதே படிக்க ஆரம்பி என்று பதில் போட்டேன்.